வேர்டு கோப்பு கூகுள் டாக்ஸ் ஆகும்போது

கூகுள் டிரைவில் ஏற்றிய வேர்டு கோப்பைத் திறந்து, `File` பட்டியலில் `Save as Google Docs` என்பதைச் சொடுக்கினால், சில நொடிகளில் அதே பெயரில் இன்னோர் ஆவணம் திறக்கிறது. எழுத்துகள், படங்கள், அட்டவணைகள் எல்லாம் அதில் இருக்கின்றன. ஆனால் முன்பு 40 பக்கமாக இருந்தது 43 பக்கமாகிவிட்டிருக்கலாம். கோப்பின் அளவாகக் காட்டப்படும் எண் வேறாகியிருக்கும். டிரைவில் மிச்சமிருந்த இடமும் குறைந்திருக்கும். இந்த மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். அந்தச் சொடுக்கில் நடப்பது நகலெடுப்பு அல்ல. மூலக் கோப்பில் உள்ளதைப் படித்துப் பார்த்து, முற்றிலும் வேறான ஓர் அமைப்பில் புதிதாக எழுதும் வேலை.

மூலக் கோப்பு எப்படிப்பட்டது என்பதிலிருந்து தொடங்கலாம். .docx என்ற பின்னொட்டு 2007ஆம் ஆண்டு ஆபீஸ் பதிப்போடு பரவலாயிற்று. அதன் வரையறை 2006இல் எக்மா தரமாகவும் 2008இல் ஐஎஸ்ஓ தரமாகவும் வெளியானது. வெளியே ஒரே கோப்பாகத் தெரிந்தாலும், அது பல கோப்புகளைச் சுருக்கிக் கட்டிய ஜிப் பொதிதான். ஒரு .docx கோப்பை நகலெடுத்து, நகலின் பின்னொட்டை .zip என்று மாற்றித் திறந்தால் யாரும் இதைப் பார்க்கலாம். உள்ளே ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
[Content_Types].xml
word/document.xml
word/styles.xml
word/fontTable.xml
word/media/image1.jpeg
word/media/image2.jpeg
```

எழுதிய வாசகம் முழுவதும் `document.xml` என்ற கோப்பில் இருக்கிறது. தலைப்பு எந்த எழுத்துருவில், எந்த அளவில் வர வேண்டும் என்பன போன்ற விதிகள் `styles.xml` கோப்பில் உள்ளன. படங்கள் `media` என்ற உறைக்குள் தனித்தனிக் கோப்புகளாக இருக்கின்றன. கவனிக்க வேண்டியது ஒன்று: ஒரு பத்தி எந்தப் பக்கத்தின் எந்த வரியில் முடிகிறது என்ற செய்தி இந்தப் பொதியில் உறுதியாக எங்கும் எழுதப்படுவதில்லை. கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், கணினியில் உள்ள எழுத்துருக்களைக் கொண்டு வேர்டு அதைப் புதிதாகக் கணக்கிடுகிறது.

கூகுள் டாக்ஸ் ஆவணம் இப்படி ஒரு பொதியாக இருப்பதில்லை. அது கூகுளின் சேவையகங்களில், ஒன்றன்பின் ஒன்றாகச் செய்த திருத்தங்களின் வரிசையாகப் பதிவாகிறது. பலர் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்ய முடிவதும், பழைய நிலைக்குத் திரும்ப முடிவதும் இதனால்தான். உலாவி அந்தப் பதிவை வாங்கித் தன் திரையில் பக்கமாக வரைந்து காட்டுகிறது. ஆகவே மாற்றத்தின்போது வேர்டு கோப்பின் ஒவ்வொரு கூறுக்கும் டாக்ஸில் இணையான கூறு தேடப்படுகிறது. இணை இருந்தால் அது கைமாறுகிறது. இல்லாவிட்டால் நெருக்கமான ஒன்றாகவோ வெறும் படமாகவோ ஆகிறது, அல்லது விடுபட்டுப்போகிறது.

அளவு ஏன் மாறுகிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கில் பார்க்கலாம். ஒரு பள்ளியின் ஆண்டுவிழா மலர் என்று வைத்துக்கொள்வோம். 40 பக்கம், சுமார் 12,000 தமிழ்ச் சொற்கள், இடையிடையே செல்பேசியில் எடுத்த 12 படங்கள். ஒவ்வொரு படமும் 2 எம்பி. யூனிகோடு தமிழில் ஒவ்வொரு குறியீடும், அதாவது ஓர் எழுத்தோ அதன் மேல் ஏறும் புள்ளியோ கொம்போ, வழக்கமான யுடிஎஃப்-8 முறையில் 3 பைட் பிடிக்கும். 12,000 சொற்களுக்குச் சுமார் ஒரு லட்சம் குறியீடுகள் என்று கொண்டால், வாசகம் மட்டும் ஏறத்தாழ 300 கேபி. திரும்பத் திரும்ப வரும் தொடர்களைச் சுருக்குவது ஜிப்பின் வேலை என்பதால், பொதிக்குள் அது இன்னும் பல மடங்கு சிறுத்துவிடும். படங்கள் அப்படிச் சுருங்குவதில்லை. ஜேபெக் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஜிப்பால் அதில் மேலும் எதையும் பிழிய முடியாது. எனவே மலரின் கோப்பு 24 எம்பிக்குச் சற்று மேல் வருகிறது. அதில் எழுத்தின் பங்கு நூறில் ஒன்றுகூட இல்லை.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். மாற்றத்தால் அளவு கூடுமா குறையுமா என்பதை முடிவு செய்வது கோப்பில் உள்ள படங்களே. எழுத்து மட்டும் உள்ள கடிதம், தீர்மானம், கட்டுரை போன்றவற்றை எப்படி மாற்றினாலும் வேறுபாடு கேபி கணக்கில்தான் இருக்கும். படம் மிகுந்த கோப்பில் மட்டும் எம்பி கணக்கில் வித்தியாசம் தெரியும். வேர்டில் படத்தைச் சிறிதாக்கி வைத்தாலும், ஓரங்களை வெட்டி மறைத்தாலும், முழுப் படம் பொதிக்குள் அப்படியே இருக்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. 4000 புள்ளி அகலமும் 3000 புள்ளி உயரமும் கொண்ட படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உள்ளன. அதைத் தாளில் 4 அங்குல அகலத்தில் அச்சிட, அங்குலத்துக்கு 220 புள்ளி வீதம் 880 அகலமும் 660 உயரமும் போதும். அது 6 லட்சத்துக்கும் குறைவு. மூலத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. வேர்டில் படத்தைத் தேர்ந்து `Compress Pictures` என்பதைச் சொடுக்கி, வெட்டிய பகுதிகளை நீக்கும் தேர்வையும் குறியிட்டால் இந்தச் சுமை இறங்கிவிடும். ஆனால் இதை டிரைவில் ஏற்றுவதற்கு முன்பே செய்ய வேண்டும். மாற்றத்தை நம்பிச் சுமையைக் குறைக்கப் பார்ப்பதைவிட, மாற்றத்துக்கு முன் குறைப்பதே உறுதியான வழி.

அடுத்து ஒதுக்கீட்டுக் கணக்கு. கூகுளின் தனிநபர் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி இடம் டிரைவுக்கு மட்டும் உரியதல்ல. ஜிமெயிலும் கூகுள் போட்டோஸும் அதில் பங்கு கொள்கின்றன. முன்பு டாக்ஸ், ஷீட்ஸ், ஸ்லைட்ஸ் ஆகிய வடிவங்களில் உள்ள ஆவணங்கள் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. அந்நாளில் 24 எம்பி வேர்டு கோப்பை டாக்ஸாக மாற்றி, மூலத்தை அழித்தால் 24 எம்பியும் மிச்சமாயிற்று. 'இடம் போதவில்லையா, டாக்ஸாக மாற்றிவிடு' என்ற அறிவுரை பிறந்தது அப்போதுதான். 2021 ஜூன் 1 முதல் இந்த விதி மாறியது. அந்த நாளுக்குப் பின் உருவாக்கியவை, திருத்தியவை எல்லாம் ஒதுக்கீட்டில் கணக்காகின்றன. அதற்கு முன் உருவாக்கி, பின்னர் கைவைக்காத பழைய டாக்ஸ் ஆவணங்கள் மட்டும் இன்றும் கணக்கில் வருவதில்லை. அவற்றில் ஒன்றைத் திறந்து சிறிது திருத்தினாலும் அதுவும் கணக்குக்குள் வந்துவிடும். பழைய அறிவுரையை இன்றும் பின்பற்றுவோர் எதிர்பார்க்கும் ஆதாயம் அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

ஆதாயம் இல்லை என்பதோடு விஷயம் முடிவதில்லை, நட்டமும் வரலாம். `Save as Google Docs` மூலக் கோப்பை மாற்றி எழுதுவதில்லை. அதன் பக்கத்தில் புதிய ஆவணம் ஒன்றை வைக்கிறது. மேலே சொன்ன மலரில் 24 எம்பி வேர்டு கோப்பு அப்படியே இருக்க, படங்களைச் சுமந்த டாக்ஸ் ஆவணமும் தனியே கணக்காகிறது. மாற்றிய உடனே இடம் குறைந்துவிட்டதே என்ற குழப்பம் பெரும்பாலும் இதனால்தான் எழுகிறது. எது எவ்வளவு பிடிக்கிறது என்று அறிய, டிரைவ் பட்டியலில் கோப்பைத் தேர்ந்து விவரப் பகுதியைத் திறந்தால் `Storage used` என்ற வரியில் எண் தெரியும். எல்லாக் கோப்புகளையும் அளவு வரிசையில் காண `drive.google.com/drive/quota` என்ற முகவரி உதவும்.

டிரைவின் அமைப்புகளில் `Convert uploads` என்ற தேர்வைக் குறியிட்டிருந்தால் நடப்பது வேறு. அப்போது கோப்பு ஏறும்போதே மாற்றப்படுகிறது. டிரைவில் டாக்ஸ் ஆவணம் மட்டுமே நிற்கிறது. இரட்டைக் கணக்கு இல்லை. ஆனால் மூல .docx ஏற்றியவரின் கணினியில் மட்டுமே இருக்கும். அந்தக் கணினியில் அதை அழித்துவிட்டால் மூலம் போய்விட்டது என்றே பொருள். எப்போதோ குறியிட்டு மறந்த இந்தத் தேர்வால், தாம் ஏற்றியது வேர்டு கோப்பு என்றே எண்ணிக்கொண்டு கணினியிலிருந்து அழிப்பவர்கள் உண்டு. ஆகவே ஒரு முறை அமைப்புகளைத் திறந்து அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது.

பகிர்ந்த கோப்புகளிலும் கணக்கு யாருடையது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவர் பகிர்ந்த வேர்டு கோப்பு அவருடைய ஒதுக்கீட்டில்தான் நிற்கிறது, பார்ப்பவருக்குச் செலவில்லை. பார்ப்பவர் அதை டாக்ஸாக மாற்றினால், புதிய ஆவணத்துக்கு உரிமையாளர் அவரே. செலவும் அவர் கணக்கில் ஏறும். ஒரே மலரை ஆசிரியர் குழுவில் ஐந்து பேர் ஆளுக்கொரு முறை மாற்றினால் ஐந்து பேரின் இடமும் குறையும். ஐந்து வேறு ஆவணங்கள் உருவாகி, எது சரியான பிரதி என்ற குழப்பமும் சேரும். பழைய பதிப்புகளைப் பற்றிய அச்சம் மட்டும் தேவையில்லை. ஏற்றிய .docx கோப்பின் முந்தைய பதிப்புகளை டிரைவ் 30 நாளோ 100 பதிப்போ வரைதான் வைத்திருக்கும். `Keep forever` என்று குறியிட்டவை மட்டுமே ஒதுக்கீட்டில் சேரும்.

பக்க அமைப்பு மாறுவதுதான் தமிழில் எழுதுவோரை மிகுதியாகத் தொல்லைப்படுத்துவது. அதன் முதல் காரணம் எழுத்துரு. விண்டோஸில் பெரும்பாலான தமிழ்க் கோப்புகள் லதா, விஜயா, நிர்மலா போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. இவை கூகுள் டாக்ஸின் எழுத்துருப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத எழுத்துருவுக்குப் பதிலாகத் தமிழைக் காட்டக்கூடிய வேறொன்று வந்து நிற்கிறது. ஆங்கிலத்தில் கலிப்ரி போன்ற எழுத்துருக்களுக்கு, ஒவ்வோர் எழுத்தின் அகலமும் ஒத்துப்போகும்படி செய்த கார்லிட்டோ போன்ற மாற்றுகள் உண்டு. அதனால் ஆங்கிலக் கோப்புகளில் வரிகள் அதிகம் கலைவதில்லை. மேலே சொன்ன தமிழ் எழுத்துருக்களின் இடத்தில் வருபவை அப்படி அகலம் பார்த்துச் செய்தவை அல்ல. ஒன்றில் அகலமாக இருக்கும் 'ணை' இன்னொன்றில் ஒடுங்கியிருக்கும். வரி உடையும் இடம் அங்கேயே மாறத் தொடங்குகிறது.

அகலத்தைவிட உயரம் பெரிய வேலையைச் செய்கிறது. வரி இடைவெளி 1 என்றோ 1.15 என்றோ அமைப்பதை நிலையான அளவாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஒரு பெருக்கல் எண். அந்த எழுத்துருவைச் செய்தவர் வரிக்கென்று குறித்து வைத்த உயரத்தோடு அது பெருக்கப்படுகிறது. எழுத்துரு மாறினால், எழுத்தின் அளவு 12 என்றே இருந்தாலும் வரியின் உயரம் மாறிவிடும். ஏ4 தாளின் உயரம் 297 மில்லிமீட்டர். மேலும் கீழும் ஓர் அங்குலம் விட்டால் எழுதக் கிடைக்கும் உயரம் சுமார் 698 பாயின்ட். ஒரு வரி 20 பாயின்ட் பிடித்தால் பக்கத்துக்கு 34 வரி அடங்கும். மாற்று எழுத்துருவில் அது 22 பாயின்ட் ஆனால் 31 வரிதான். முழுக்க எழுத்தாக உள்ள 30 பக்கங்களில் 1,020 வரிகள் இருந்தன என்றால், இப்போது அவற்றுக்கு 33 பக்கம் வேண்டும். எந்த எழுத்தும் கூடவில்லை. 3 பக்கம் கூடிவிட்டது.

இந்த வீக்கம் கோப்பு முழுவதும் சீராகப் பரவினால் அவ்வளவு தொல்லை இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் புதிய பக்கத்தில் தொடங்க வேண்டும் என்று கையால் பக்க முறிவு போட்டிருப்பார்கள். கட்டுரை இரண்டு வரி கூடிப் பக்கத்தைத் தாண்டினால், அந்த இரண்டு வரிக்காக ஒரு பக்கம் உருவாகி, மீதி முழுவதும் வெற்றிடமாக நிற்கும். என்டர் விசையைப் பலமுறை தட்டி அடுத்த பக்கத்துக்குப் போனவர்களின் கோப்பில் தலைப்பு பக்கத்தின் நடுவில் வந்து விழும். இடைவெளி விசையைத் தட்டித் தட்டிப் பெயர்களை நேர்நிறுத்திய பட்டியல் கோணலாகும். அட்டவணையில் அமைத்த பட்டியலோ தன் நேர்கோட்டை இழப்பதில்லை. பொருளடக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. பக்கங்கள் நகர்ந்த பின்னும், புதுப்பிக்கும் பொத்தானைத் தட்டும்வரை அது பழைய எண்களையே காட்டக்கூடும்.

எழுத்துரு மாற்றம் ஒரு வகைத் தமிழ்க் கோப்பை முற்றிலும் படிக்க முடியாததாக்கிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய கோப்புகள் அவை. இலங்கையிலும் தமிழகத்திலும் அச்சகங்கள், அலுவலகங்கள், பள்ளிகள் பலவற்றில் இத்தகைய கோப்புகள் இன்னும் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் சேமிக்கப்பட்டிருப்பது தமிழ்க் குறியீடு அல்ல, ஆங்கில எழுத்துகளின் குறியீடு. பாமினியில் 'தமிழ்' என்று தெரியும் சொல் கோப்புக்குள் `jkpo;` என்றே இருக்கிறது. எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தோன்றும். டாக்ஸில் பாமினி இல்லாததால் `jkpo;` வெளியே வந்துவிடும். கோப்பு கெட்டுவிட்டது என்று பதறத் தேவையில்லை. ஒரு குறியீடும் இழக்கப்படவில்லை. மூலக் கோப்பின் வாசகத்தைப் பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும் செயலி ஒன்றில் இட்டு எடுத்து, அதன் பிறகு டாக்ஸுக்குக் கொண்டுபோனால் தமிழ் தமிழாகவே நிற்கும். இடையில் ஆங்கிலச் சொற்கள் கலந்த பத்திகளை மட்டும் கவனமாகப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் செயலி அவற்றையும் பொருளற்ற தமிழாக்கிவிடும்.

எழுத்துருவுக்கு அப்பால், இணை இல்லாத கூறுகள் உள்ளன. ஸ்மார்ட்ஆர்ட் வரைபடம் திருத்த முடியாத படமாக மாறும். வேர்டில் விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ டாக்ஸில் இயங்காது. கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பை மாற்றவே முடியாது. முதலில் வேர்டில் பூட்டை எடுக்க வேண்டும். வரம்புகளும் உண்டு. மாற்றப்படும் எழுத்து ஆவணம் 50 எம்பிக்குள் இருக்க வேண்டும். ஆவணத்தின் குறியீடுகள் சுமார் 10 லட்சத்து 20 ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பெரும்பாலான கோப்புகள் இந்த எல்லையை நெருங்குவதே இல்லை.

என்ன மாறியது என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று போதும். மாற்றுவதற்கு முன் வேர்டிலிருந்தே கோப்பைப் பிடிஎஃப் ஆக எடுத்து வைக்க வேண்டும். மாற்றிய பின் டாக்ஸிலிருந்தும் ஒரு பிடிஎஃப் எடுக்க வேண்டும். இரண்டையும் அருகருகே திறந்து, மொத்தப் பக்க எண்ணிக்கையை முதலில் ஒப்பிட வேண்டும். பிறகு ஒவ்வொரு பக்கத்தின் முதல் வரியை மட்டும் ஒப்பிட்டுக்கொண்டே போகலாம். முதல் வரிகள் எந்தப் பக்கத்தில் விலகத் தொடங்குகின்றனவோ, அந்தப் பக்கத்திலோ அதற்கு முந்தையதிலோ காரணம் இருக்கும். முதல் பக்கத்திலேயே விலகினால் பெரும்பாலும் எழுத்துருதான். நடுவில் திடீரென விலகினால் ஒரு படமோ உரைப்பெட்டியோ இடம் பெயர்ந்திருக்கும்.

மாற்றாமலே வேலை முடியும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2019 முதல் வேர்டு கோப்பை .docx ஆகவே வைத்துக்கொண்டு டாக்ஸ் திரையில் திருத்த முடிகிறது. தலைப்புக்கு அருகில் `.DOCX` என்ற சிறு பட்டை தெரிந்தால் கோப்பு இன்னும் மாறவில்லை என்று அறியலாம். உலாவியில் பக்கங்கள் நகர்ந்தது போலத் தோன்றினாலும், அது திரையில் வரையும் முறையால் வருவது. கோப்பில் லதா என்று குறித்திருப்பது லதா என்றே இருக்கும். வேர்டில் திறந்தால் பழைய எழுத்துருவிலேயே தெரியும். டாக்ஸாக மாற்றிப் பின்னர் .docx ஆகப் பதிவிறக்கினால் கிடைப்பது மூலக் கோப்பு அல்ல. இரண்டு முறை புதிதாக எழுதப்பட்ட மூன்றாவது கோப்பு. படங்கள் அதில் பழைய தரத்தில் உள்ளனவா என்று பார்க்க, முன்பு சொன்னபடி .zip ஆக்கி `media` உறைக்குள் உள்ள அளவுகளை மூலத்தோடு ஒப்பிடலாம். அச்சுக்குப் போக வேண்டிய மலர், கையொப்பமிட வேண்டிய ஒப்பந்தம் போன்றவற்றை மாற்றாமல் வைத்திருப்பதே சரி. பலர் சேர்ந்து நாள்தோறும் எழுதித் திருத்தும் வரைவுக்கு டாக்ஸ் வடிவம் பொருத்தமானது. அங்கே பக்க எண் கடைசியில் பார்த்துக்கொள்ளும் விஷயம்.

இடத்தை மீட்க மூலத்தை அழிக்க நினைப்பவர்கள் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். டிரைவில் அழித்த கோப்பு குப்பைத்தொட்டியில் 30 நாள் கிடக்கும். தொட்டியைக் காலி செய்யும்வரை அது ஒதுக்கீட்டிலும் கணக்காகிக்கொண்டே இருக்கும். இரண்டாவது, கணினியில் டிரைவ் உறைக்குள் .gdoc என்று தெரியும் கோப்பை பென்டிரைவில் நகலெடுத்து வைத்தால் அது காப்புப் பிரதி ஆகாது. ஆவணம் எங்கே இருக்கிறது என்று சுட்டும் சில வரிகள் மட்டுமே அதில் உண்டு. வாசகமோ படமோ இல்லை. உண்மையான பிரதி வேண்டுமென்றால் டாக்ஸில் `File > Download` வழியாக .docx ஆகவோ பிடிஎஃப் ஆகவோ இறக்கி, ஒரு முறை திறந்து பார்த்த பின்பே மூலத்தை அழியுங்கள்.